கேம்ஸ்டாப்பில் பதிந்தும் பெட் கட்ட முடிகிறதே?

கேள்வி: லண்டனில் டெலிவரி வேலை செய்கிறேன், வயது 34. ஃபுட்பால் பெட்டிங்கை விட நினைத்து, நாமே கேட்டு இணையச் சூதாட்டத் தளங்களில் நம்மைத் தடுக்கும் கேம்ஸ்டாப் திட்டத்தில் ஆறு மாதத்துக்குப் பதிந்தேன். மூன்றாவது வாரமே இன்னொரு தளத்தில் கணக்குத் திறந்து 600 பவுண்ட் விட்டுவிட்டேன். பிறகு அதனால் என்ன பயன், டொக்டர்?

பதில்: தம்பி, அந்த 600 பவுண்ட் எந்தத் தளத்தில் போனது என்பதை முதலில் பாருங்கள். பிரிட்டனின் கேம்ப்ளிங் கமிஷன் இணையப் பக்கத்தில் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. தளத்தின் அடியில் கமிஷனின் லோகோ இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், அதை யாரும் ஒட்டலாம்.

பட்டியலில் இருந்தால், அங்கே நீங்கள் கொடுத்த விவரம் கேம்ஸ்டாப்பில் உள்ளதோடு பொருந்தவில்லை என்றே நினைக்கிறேன். பெயர், பிறந்த தேதி, ஈமெயில், ஃபோன், போஸ்ட்கோட் இவற்றை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறார்கள். நம்மவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. என்னிடம் வந்த ஒருவருக்குப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயர். பழைய பெட்டிங் கணக்கில் அதுவே வெறும் இனிஷியல். போதாததற்கு வீடும் மாறியிருந்தார். உங்கள் கேம்ஸ்டாப் கணக்கில் பழைய ஈமெயில்கள், ஃபோன் எண்கள், முந்தைய முகவரிகள் எல்லாவற்றையும் இன்றே சேருங்கள். ஆறு மாதம், ஒரு வருடம், ஐந்து வருடம் எனத் தெரிவுகள் உண்டு. இடையில் ரத்துச் செய்ய முடியாது என்பதால் நீண்டதையே நான் சொல்வேன்.

பட்டியலில் இல்லையா? அப்படியென்றால் அது பிரிட்டனில் உரிமம் இல்லாத தளம், கேம்ஸ்டாப்பின் கை அங்கே எட்டாது. அதற்குத்தான் கேம்பான், பெட்பிளாக்கர் போன்ற தடுப்பு ஆப்கள். பெட்பிளாக்கர் இலவசம், கேம்பானை டாக்பான்ஸ்டாப் திட்டத்தின் வழியாக இலவசமாகப் பெறலாம். வேலைக்குக் கொண்டுபோகும் ஃபோனில் மட்டும் போட்டால் போதாது. அலமாரியில் கிடக்கும் பழைய டேப்லெட்தான் இரவு ஒரு மணிக்குக் கைக்கு வரும்.

வங்கி ஆப்பில் சூதாட்டத் தடையையும் போடுங்கள். அதை எடுக்க நினைத்தாலும் பல வங்கிகளில் 48 அல்லது 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும். மருத்துவனாக எனக்குப் பிடித்தது இந்தக் காத்திருப்புத்தான்: பெட் கட்டச் சொல்லும் உந்துதல் பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும். ஆனால் அந்தத் தடை கார்டில் போகும் பணத்தைத்தான் பிடிக்கும். இ-வாலட், நண்பர் கணக்கு வழியாகப் போவதைப் பிடிக்காது. சம்பளம் விழும் கணக்கைக் கொஞ்ச நாளைக்கு மனைவியோ அண்ணனோ பார்த்துக்கொள்ளட்டும். உங்களிடம் வாரச் செலவுக்கான தொகை மட்டும் இருக்கட்டும்.

கடையில் போய்க் கட்டும் பழக்கமும் இருந்தால் கேம்ஸ்டாப் அதைத் தடுக்காது. பெட்டிங் கடைகளுக்கு மோசஸ் என்ற தனித் திட்டம், 0800 294 2060. இரவில் மனம் அலைந்தால் தேசியச் சூதாட்ட உதவி எண் 0808 8020 133, 24 மணி நேரமும் எடுப்பார்கள். என்.ஹெச்.எஸ். சூதாட்டக் கிளினிக்குக்கு ஜி.பி. கடிதம் இல்லாமல் நீங்களே பெயர் கொடுக்கலாம். கடன் நெருக்கி, சாகலாம் என்ற எண்ணம் வந்தால் அதற்கெல்லாம் காத்திராமல் 111 அழைத்து 2-ஐ அழுத்துங்கள். உடனடி ஆபத்து என்றால் 999.