பரோட்டா மாஸ்டர் கிராஜுவிட்டி கேட்கிறார், கொடுக்க வேண்டுமா?

வணக்கம் வக்கீல் சார். திண்டுக்கல்லில் ஏழு வருஷமாக ஹோட்டல் நடத்துகிறேன். மெயின் கடையில் 13 பேர், பைபாஸ் பக்கம் கிளையில் 8 பேர். பாத்திரம் கழுவ 2 பேரை ஒரு கான்ட்ராக்டர் அனுப்புகிறார். தினக்கூலி 900 ரூபாய் வாங்கிய பரோட்டா மாஸ்டர் போன வாரம் நின்றுவிட்டார். ஆறு வருஷம் எட்டு மாசம் வேலை பார்த்தேன், கிராஜுவிட்டி வேண்டும் என்கிறார். வருஷா வருஷம் திருவிழாவுக்கு ஊருக்குப் போய் ஒன்றரை மாசம் கழித்துத்தான் வருவார். என்னிடம் 40,000 அட்வான்ஸ் வேறு பாக்கி. மற்றவர்கள் பி.எஃப். பிடிக்க வேண்டாம் என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு ஆளுக்கு 3,000 ரூபாயும் துணியும் தருகிறேன். இதற்கு மேல் நான் என்ன தர வேண்டும்?

மாஸ்டருக்குக் கிராஜுவிட்டி கொடுக்கத்தான் வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. ஆனால் உங்களைக் கட்டுப்படுத்தும் ஆள் எண்ணிக்கை மாறவில்லை. கிராஜுவிட்டிக்குப் பத்துப் பேர் போதும், பி.எஃப்.புக்கும் போனஸுக்கும் இருபது பேர் வேண்டும்.

மாஸ்டர் தினக்கூலி ஆள் என்பதாலோ, நியமனக் கடிதம் இல்லை என்பதாலோ உரிமை போய்விடாது. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் போதும். வருடத்துக்கு 240 நாள் வேலை செய்திருந்தால் அது முழு வருடம்தான். ஒன்றரை மாதம் ஊருக்குப் போனாலும் மிச்சம் பத்தரை மாதம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் லீவைக் கழித்தாலும் 240-ஐத் தாண்டிவிடும். ஆகவே திருவிழா லீவைக் காட்டி அவர் சர்வீஸ் அறுந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

கணக்கு எளிது. வருடத்துக்குப் பதினைந்து நாள் கூலி, கடைசியாக வாங்கிய கூலியில். அதாவது 900 ரூபாயைப் பதினைந்தால் பெருக்கினால் 13,500. கடைசியில் மிஞ்சும் மாதங்கள் ஆறைத் தாண்டினால் முழு வருடமாக எடுக்க வேண்டும் என்பதால், ஆறு வருடம் எட்டு மாதம் என்பது ஏழு வருடம். மொத்தம் 94,500 ரூபாய். மாதச் சம்பளக்காரராக இருந்தால் சம்பளத்தை முப்பதால் வகுக்காமல் 26-ஆல் வகுத்து ஒரு நாள் கூலியைக் கண்டுபிடிக்க வேண்டும். பல முதலாளிகள் இங்கேதான் தவறுகிறார்கள். முப்பது நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். தாமதித்தால் வட்டி ஏறும், அவர் தொழிலாளர் துறையில் மனுவும் கொடுக்கலாம்.

அந்த 40,000 அட்வான்ஸை இதில் கழிக்காதீர்கள். ஒழுங்கீனத்துக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டவரின் கிராஜுவிட்டியைத்தான், அதுவும் சட்டம் சொல்லும் காரணங்களுக்குத்தான், நிறுத்தி வைக்கலாம். அட்வான்ஸ் பாக்கி அந்தக் காரணங்களில் இல்லை. அது தனிக் கடன், தனியாகப் பேசி வாங்குங்கள்.

சரி, இப்போது பி.எஃப். உங்கள் கேள்வியில் மாஸ்டரைவிட எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். மெயின் கடையையும் கிளையையும் தனித்தனியாக எண்ணி, எதிலும் இருபது பேர் இல்லை என்று நினைத்திருப்பீர்கள். ஒரே முதலாளியின் கிளைகளைச் சட்டம் ஒரே நிறுவனமாகத்தான் பார்க்கும். கான்ட்ராக்டர் அனுப்பும் ஆட்களும் சேர்த்தி. மாஸ்டர் போன பிறகும் நீங்கள் 22 பேர். ஒரு கல்யாண ஆர்டருக்காக ஒருநாள் மட்டும் ஆட்களைக் கூப்பிட்டிருந்தால், அவர்களை வைத்து இருபது என்று யாரும் சொல்ல முடியாது. தற்காலிகத் தேவைக்குக் கொஞ்ச நாள் வருபவர்களை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே சொல்லிவிட்டது. ஆனால் தினமும் பாத்திரம் கழுவ வருபவர் அந்த வகை இல்லை. ஒருமுறை இருபதைத் தொட்டபின் ஆள் குறைந்தாலும் பி.எஃப். கடமை தொடரும்.

எழுதிக் கொடுத்த தாள்களுக்கு மதிப்பே இல்லை. பி.எஃப். வேண்டாம் என்று தொழிலாளி சொல்லித் தப்பிக்கச் சட்டத்தில் வழி கிடையாது. கையில் வரும் காசு குறைகிறதே என்று அவர்கள் கேட்பது புரிகிறது, ஆனால் அதன் விலையைக் கொடுக்கப்போவது நீங்கள்தான். 12,000 ரூபாய் சம்பளம் வாங்கும் சர்வரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பங்கு பன்னிரண்டு சதவீதம், 1,440 ரூபாய். உங்கள் பங்கும் அதே 1,440, அதோடு இன்சூரன்ஸுக்கு 60, நிர்வாகச் செலவுக்கு 60. ஆக மாதம் 3,000 ரூபாய் போக வேண்டும். ஒழுங்காக மாதாமாதம் பிடித்திருந்தால் உங்கள் கையிலிருந்து போவது 1,560 மட்டும். பிடிக்காமல் விட்ட மாதத்துக்கு அவர் பங்கைப் பிற்பாடு அவர் சம்பளத்தில் கழிக்க விதி இடம் தருவதில்லை. மூன்று வருடம் கழித்து அதிகாரி வந்தால் அந்த ஒரு சர்வருக்கே 1,08,000 ரூபாய் முழுக்க உங்கள் தலையில். அதன்மேல் வருடத்துக்குப் பன்னிரண்டு சதவீத வட்டி, தாமதத்துக்கான அபராதம் தனி. எண்ணிக்கையை மறைக்கவும் முடியாது. வருமான வரிக் கணக்கில் நீங்கள் காட்டிய சம்பளச் செலவே எத்தனை பேர் என்று சொல்லிவிடும்.

எல்லோருக்கும் கட்ட வேண்டும் என்றில்லை. சேரும்போதே பி.எஃப்.புக்கான சம்பளம் 15,000-ஐத் தாண்டியிருந்து, அதற்கு முன் எங்கும் பி.எஃப். உறுப்பினராக இருந்ததில்லை என்றால் அவரை விட்டுவிடலாம். சேரும்போதே அவரிடம் உறுதிமொழிப் படிவம் வாங்கி வையுங்கள். ஆனாலும் இருபது பேர் கணக்கில் அவரும் ஒருவர். இன்னொன்று, சம்பளத்தை உடைத்துப் பெரும்பகுதியைப் 'படி' என்று எழுதும் பழக்கம் வேண்டாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கும் படி அடிப்படைச் சம்பளத்தில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. புதிய சட்டத்தில் இன்னும் கண்டிப்பு. படி போன்று சம்பளக் கணக்கில் சேர்க்காமல் விலக்கும் தொகைகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி சம்பளத்தில் சேர்ந்துவிடும். சம்பளத்துக்குப் பதிலாகச் சாப்பாடு போட்டால் அதன் மதிப்பும் பதினைந்து சதவீதம் வரை சம்பளம்தான்.

அப்புறம் போனஸ். மாதம் 21,000 வரை வாங்குபவருக்கு, வருடத்தில் முப்பது நாளாவது வேலை பார்த்திருந்தால், குறைந்தது 8.33 சதவீதம். புதுக் கடைக்கு முதல் ஐந்து வருடம் லாபம் வந்த வருடத்தில் மட்டும் கொடுத்தால் போதும். உங்களுக்கு அந்தச் சலுகை முடிந்துவிட்டது, இனி நஷ்டம் வந்தாலும் குறைந்தபட்சம் உண்டு. கணக்கிட எடுக்கும் மாதச் சம்பளத்துக்கு உச்சம் 7,000 அல்லது அந்த வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, எது அதிகமோ அது. அந்தச் சர்வருக்கு அது 12,000 என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வருடச் சம்பளம் 1,44,000, போனஸ் 11,995 ரூபாய். வழக்கமாகக் கொடுத்த தீபாவளிப் பணம் 3,000-ஐ இதில் கழிக்கலாம், துணியைக் கழிக்காதீர்கள். மிச்சம் 8,995 ரூபாயைக் கணக்கு வருடம் முடிந்த எட்டு மாதத்துக்குள், அதாவது நவம்பர் 30-க்குள் கொடுக்க வேண்டும். கையெழுத்து வாங்காமல் கொடுத்த 3,000 ரூபாயை விசாரணையில் நிரூபிப்பது கஷ்டம். மாஸ்டரின் 900 ரூபாய் கூலி 26 நாளுக்கு 23,400 வருவதால் இப்போதைய கூலியில் அவருக்குப் போனஸ் இல்லை. கூலி குறைவாக இருந்த பழைய வருடங்களுக்கு அவர் கேட்டால் அது வேறு கதை.

இந்த மாதமே பி.எஃப். பதிவை ஆரம்பியுங்கள். முதலில் கான்ட்ராக்டரின் இருவர் போக உங்கள் 20 பேரின் ஆதாரையும் பாங்க் பாஸ்புக்கையும் வாங்கிப் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிமாநிலப் பையன்களின் பதிவு பெரும்பாலும் இந்த எழுத்து வேறுபாட்டில்தான் நின்றுபோகிறது. அதன்பின் ஒவ்வொரு மாதப் பணத்தையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டுங்கள். பழைய பாக்கியை அதிகாரி வரும்வரை காத்திருக்காமல், உங்கள் ஆடிட்டரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டு நீங்களே கட்டத் தொடங்குங்கள். கான்ட்ராக்டர் அந்த இருவருக்கும் பி.எஃப். கட்டுகிறாரா என்று ரசீதைப் பார்த்தபிறகே அவர் பில்லைக் கொடுங்கள். அவர் கட்டாவிட்டால் உங்களிடம்தான் கேட்பார்கள்.

மாஸ்டரின் 94,500 ரூபாயைக் கையில் கொடுக்காமல் அவர் வங்கிக் கணக்கில் போடுங்கள். சர்வீஸ் காலம், கடைசிக் கூலி, கணக்கிட்ட விதம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி அவர் கையெழுத்தோடு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.