பேரவைத் தேர்தல் பேச்சு: நூலகமும் கழிவறையும்

"பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். மாணவர் பேரவைத் தேர்தலில் நிற்கிறேன். எங்கள் நூலகத்தை சாயந்திரம் பெல் அடித்ததுமே பூட்டிவிடுகிறார்கள். மதியத்துக்கு மேல் கழிவறைக்குள் போக முடியாது. இதைச் சரி செய்வேன் என்று சொன்னால், 'போன வருஷம் ஜெயிச்சவங்களும் இதையேதான் சொன்னாங்க' என்று சிரிக்கிறார்கள். இரண்டு நிமிஷப் பேச்சில் நம்ப வைப்பது எப்படி?"

பேச்சை எழுத உட்காரும் முன் நூலகப் பொறுப்பாசிரியரையும் தூய்மைப் பணியாளரையும் போய்ப் பாருங்கள். உங்கள் பேச்சுக்கு வேண்டிய சரக்கு அவர்களிடம்தான் இருக்கிறது.

பல பள்ளிகளில் நூலகத்துக்கென்று தனி ஆள் கிடையாது. பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரிடமே சாவி இருக்கும். மாலை ஆறு மணி வரை திறக்க வேண்டும் என்றால் அவரும் ஆறு மணி வரை இருக்க வேண்டும். அடுத்து, உங்கள் வகுப்பில் எத்தனை பேர் பஸ்ஸில் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மாரண்டஹள்ளி, பஞ்சப்பள்ளி பக்கம் போகிறவர்கள் பள்ளி விட்டதும் கிடைக்கிற டவுன் பஸ்ஸை விட்டால், அடுத்ததற்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும்? அவர்களுக்கு மாலை நூலகம் எட்டாக்கனி. அதே பிள்ளைகள் காலையில் சீக்கிரமே வந்து மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே காலை முக்கால் மணி நேரமும் மதிய இடைவேளையில் அரை மணி நேரமும் கேளுங்கள். அதிலும் எல்லா நாளும் வேண்டாம், செவ்வாய், வியாழன் மட்டும், ஒரு மாதத்துக்கு. யார் யார் வந்தார்கள் என்று ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். நேரத்தைக் கூட்டச் சொல்லி தலைமையாசிரியரிடம் மறுபடி போகும்போது அந்த நோட்டு உங்களுக்காகப் பேசும்.

கழிவறை விஷயத்தில் 'சுத்தமாக வைப்போம்' என்பது வெறும் பேச்சு. ஒரு நாள் மூன்று முறை போய்ப் பாருங்கள்: காலையில் கழுவியதும், முதல் இடைவேளை முடிந்ததும், சாப்பாட்டு நேரம் முடிந்ததும். மதியம் குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வருகிறதா? அப்படியானால் குறை தண்ணீர்த் தொட்டியில். கூட்டிப் பெருக்கிப் பயனில்லை. தண்ணீர் வந்தும் வாளி, மக் இல்லையென்றால் யாரும் ஊற்ற மாட்டார்கள். பெண்கள் கழிவறையில் மூடி போட்ட குப்பைத்தொட்டி இல்லையென்றால் நாப்கின் குழிக்குள் போய் அடைத்துக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. நம் மாவட்டத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். பீங்கானில் வெள்ளையாக, மஞ்சளாக உப்புப் படிந்து, சிறுநீர் வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன்மேல் பினாயில் ஊற்றினால் அன்றைக்கு வாசம் வரும், மறுநாள் பழைய வாடைதான். அந்தப் படிவத்தை எடுக்க ஆசிட் வேண்டும். கையுறை போட்டு, அந்த வேலை தெரிந்த பணியாளர் செய்ய வேண்டியது அது. எந்த மாணவரும் அதைத் தொடக்கூடாது. 'நாமே கழுவுவோம்' என்று உணர்ச்சிவசப்பட்டு மேடையில் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைப்பது தப்பு.

இவ்வளவும் தெரிந்த பிறகு, உங்கள் கையில் இருப்பதைச் 'செய்வேன்' என்றும் தலைமையாசிரியர் கையில் இருப்பதைக் 'கேட்பேன்' என்றும் பிரித்துச் சொல்லுங்கள். போன வருஷத்துக் கதையை மற்றவர் எடுக்கும் முன் நீங்களே எடுத்துவிடுங்கள். உங்கள் பள்ளியில் தண்ணீரும் குப்பைத்தொட்டியும்தான் குறை என்று வைத்துக்கொண்டால், பேச்சின் நடுப்பகுதி இப்படி வரலாம்:

"போன வருஷமும் இதே இடத்தில் இதே வாக்குறுதியைக் கேட்டோம். அதனால் நான் முதலில் போய் விசாரித்துவிட்டு வந்திருக்கிறேன். காலையில் கழுவுகிறார்கள், மதியம் தொட்டி காலி. வாடைக்கு அதுதான் காரணம். பதினோரு மணிக்கு இன்னொரு முறை மோட்டார் போடச் சொல்லி தலைமையாசிரியரிடம் எழுதிக் கேட்பேன். பெண்கள் பக்கம் மூடி போட்ட குப்பைத்தொட்டி கேட்பேன். தினமும் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் தண்ணீர் வருகிறதா என்று பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை. வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பக்கத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவேன். நூலகம் சாயந்திரம் திறந்தால் பஸ் பிள்ளைகளுக்கு உபயோகமில்லை. செவ்வாய், வியாழன் காலையில் திறக்கக் கேட்பேன். புதுக் கட்டடம் வரும் என்று சொல்ல மாட்டேன், அது என்னால் முடியாது."

பொறுப்பாசிரியர் காலையில் வரச் சம்மதித்திருந்தால், அவரிடம் கேட்டுக்கொண்டு அதையும் மேடையில் சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்குக் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். சம்மதிக்கவில்லை என்றால் அவர் பெயரை இழுக்காதீர்கள்.

எழுதியதைக் கடிகாரம் வைத்து இரண்டு முறை சத்தமாகப் படியுங்கள். நேரம் மீறினால் வணக்கம், வாழ்த்து வரிகளைக் குறையுங்கள், விவரத்தில் கை வைக்காதீர்கள். "தலைமையாசிரியர் ஒத்துக்கொள்ளாவிட்டால்?" என்று யாராவது கேட்பார்கள். "என்ன காரணம் சொன்னார் என்பதை அதே போர்டில் எழுதி ஒட்டுவேன், ஒரு மாதம் கழித்து நோட்டோடு மறுபடி போவேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி வாருங்கள்.