இரண்டு கையிலும் இரண்டு பிபி: எந்தக் கையை நம்புவது?

"டாக்டர், என் அப்பாவுக்கு 63 வயது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். முப்பது வருஷமாக பீடி. போன மாதம் வீட்டுக்கு பிபி மெஷின் வாங்கினோம். வலது கையில் 152/84, இடது கையில் 124/78 காட்டுகிறது. கிளினிக்கில் எப்போதும் இடது கையில்தான் பார்த்து, 'நார்மல்' என்று அனுப்புவார்கள். வலது கையில் ஏதாவது கோளாறா, மெஷின் கோளாறா?"
— வாசகர், மேலூர்

மெஷின் கெட்டிருந்தால் பெரும்பாலும் இரண்டு கையிலும் ஒரே மாதிரித்தான் தப்பாகக் காட்டும். அதனால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் அளந்த முறையை முதலில் சரிபார்க்க வேண்டும். இல்லாத வித்தியாசத்தை நாமே உண்டாக்கிவிட முடியும்.

எப்படி என்றால், பட்டையைச் சுற்றியதும் வருகிற முதல் அளவு பலருக்கும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். உடம்பு இன்னும் அமைதியாகியிருக்காது. நீங்கள் தினமும் வலது கையில் ஆரம்பித்து இடது கையில் முடித்தால், அந்த முதல் அளவின் கூடுதல் முழுவதும் வலது கையின் கணக்கில் ஏறிவிடும். ஆகவே இப்படிச் செய்யுங்கள். அப்பா டீயும் பீடியும் இல்லாமல் அரை மணி நேரம் இருக்கட்டும். பிறகு முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். கை மேஜையின் மேல், நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். தொங்கவிட்ட கையில் அளவு கூடும். அப்புறம் வலது, இடது, இடது, வலது என்ற வரிசையில், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நிமிடம் விட்டு, நான்கு தடவை அளந்து எழுதுங்கள்.

வலது 148, இடது 136, இடது 132, வலது 134 என்று வந்தால் வலது கையின் சராசரி 141, இடது கையின் சராசரி 134. வித்தியாசம் வெறும் 7. பயந்தது அத்தனையும் முதல் அளவு செய்த வேலை. அதுவே 154, 126, 124, 148 என்று வந்தால் வலது 151, இடது 125, வித்தியாசம் 26. இது நிஜமான வித்தியாசம். இன்னொரு நாளும் இப்படியே வந்தால் சந்தேகமே வேண்டாம்.

மேல் எண்ணை மட்டும் ஒப்பிட்டால் போதும். பத்துக்குள் வித்தியாசம் இருப்பது சாதாரணம், எனக்கும் உண்டு. பத்தைத் தாண்டி நிலைத்து நின்றால், எந்தக் கை கூடுதலோ அதிலேயே இனி அளக்க வேண்டும். ரத்தக்குழாய் நோய்க்கான வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்றும் மனதில் வைக்க வேண்டும். திரும்பத் திரும்ப 15-ஐத் தாண்டினால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இருபதுக்கு மேல் என்றால் காரணத்தைத் தேடாமல் விடக் கூடாது.

உங்கள் கேள்வியில் ஒரு இடத்தில் மட்டும் தலைகீழாக யோசித்திருக்கிறீர்கள். கூடுதலாகக் காட்டும் வலது கைதான் கோளாறு என்று நினைக்கிறீர்கள். மேலூர்க்காரருக்குக் கடைமடைக் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வயலுக்குத் தண்ணீர் வராமல் போனால், பக்கத்து வயலில் தண்ணீர் அதிகம் என்றா சொல்வோம்? வருகிற வாய்க்காலில் எங்கே தூர்ந்திருக்கிறது என்றுதானே போய்ப் பார்ப்போம்! இருதயத்திலிருந்து இரண்டு கைக்கும் கிளம்பும் அழுத்தம் ஒன்றுதான். வழியில் குழாய் சுருங்கியிருந்தால் அந்தக் கைக்குப் போய்ச் சேரும் அழுத்தம் குறையும். கோளாறு பெரும்பாலும் குறைவாகக் காட்டும் கையின் பக்கம்தான்.

காரை எலும்புக்கு அடியில் கையை நோக்கிப் போகும் சப்கிளேவியன் தமனி என்ற குழாயில்தான் இந்த அடைப்பு வழக்கமாக வரும். வலது பக்கத்தைவிட இடது பக்கத்தில் மூன்று நான்கு மடங்கு அதிகம். பீடியும் சர்க்கரையும் சேர்ந்த உடம்பில் குழாயின் உட்சுவரில் கொழுப்பு படிவதுதான் பொதுவான காரணம். இளம்பெண்களுக்கு இதே வித்தியாசம் வந்தால் கதை வேறு. அங்கே தமனிச் சுவரே அழற்சியால் தடிக்கும் டகாயாசு நோயை நினைக்க வேண்டும்.

இதில் எனக்கு அதிகம் உறுத்துவது கையல்ல. அப்பாவின் உண்மையான பிபி 150-ஐ ஒட்டி இருக்கிறது. இத்தனை நாளும் அடைப்புக்குப் பின்னால் இருந்த கையில் அளந்து 'நார்மல்' என்று எழுதியிருக்கிறார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. என் அறையிலும் நாற்காலி போட்டிருந்த விதத்தில் பல வருஷம் எல்லாருக்கும் ஒரே கையில்தான் பட்டை சுற்றினேன். இனி சீட்டில் 'பிபி: வலது கையில் மட்டும்' என்று எழுதி வாங்குங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ தொடங்கவோ வேண்டாம்.

டாக்டர் முதலில் இரண்டு மணிக்கட்டு நாடியையும் ஒரே நேரத்தில் தொட்டுப் பார்ப்பார். இடது நாடி மெலிந்தோ பிந்தியோ வரலாம். காரை எலும்புக்கு மேலே உள்ள குழியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் சில பேருக்கு ஊதல் சத்தம் கேட்கும். பிறகு டாப்ளர் ஸ்கேன், தேவைப்பட்டால் சிடி ஆஞ்சியோ. ஒரு குழாயில் படிந்தது மற்றவற்றிலும் படிந்திருக்கலாம் என்பதால் கணுக்கால் அழுத்தம், இசிஜி ஆகியவற்றையும் கேட்பார். மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போவதானாலும் நான்கு அளவுகள் எழுதிய அந்தத் தாளை எடுத்துப் போங்கள்.

அடைப்பு உறுதியானாலும் உடனே ஸ்டென்ட் என்று பயப்பட வேண்டாம். தொந்தரவு இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு பீடியை நிறுத்துவதும், கொழுப்புக்கும் ரத்தம் உறையாமலிருக்கவும் டாக்டர் தரும் மாத்திரைகளும், பிபி, சர்க்கரைக் கட்டுப்பாடும் போதும். ஆனால் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: கிணற்றில் இரைப்பது போல இடது கையால் தொடர்ந்து வேலை செய்தால் கை கடுத்துச் சோர்கிறதா, தலை சுற்றுகிறதா? அடைபட்ட கை வேலை செய்யும்போது, மூளைக்குப் போக வேண்டிய ரத்தத்தைப் பின்பக்கக் கழுத்துக் குழாய் வழியாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அப்படி வரும் தலைசுற்றலுக்குத்தான் ஸ்டென்டோ அறுவை சிகிச்சையோ யோசிப்பார்கள். பைபாஸ் செய்தவர்களிலும் இது முக்கியம். இருதயத்துக்கு ஒட்டவைக்கும் நெஞ்சுக் குழாய் பெரும்பாலும் இந்த இடது தமனியிலிருந்துதான் கிளம்புகிறது.

ஒரு விஷயத்துக்கு மட்டும் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பது போன்ற திடீர் வலி வந்தால் பெருந்தமனிச் சுவர் பிளந்திருக்கலாம்; அதிலும் இரண்டு கை அளவு விலகக்கூடும். அப்போது மெஷினை எடுத்து அளந்துகொண்டிருக்காமல் நேராக 108-ஐக் கூப்பிடுங்கள். அப்பாவுக்கு இருப்பது மெதுவாக வந்த வித்தியாசம் போலத் தெரிகிறது. இந்த வாரத்துக்குள் போய்க் காட்டினால் போதும்.