அம்பின் வால் எங்கே இருக்க வேண்டும்? சேதன இரசாயனக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வளைந்த அம்புக்குறியைப் பற்றியவை. ஏறாவூரிலிருந்து அக்கரைப்பற்று வரை பிள்ளைகள் ஒரே இடத்தில்தான் தடக்குப்படுகிறார்கள்.

நீர் புரோத்தன் ஏற்கும் படியில் H⁺ இலிருந்து ஒட்சிசனுக்கு அம்பு போட்டேன். விளைபொருள் சரி, ஆனால் புள்ளி தரவில்லை. ஏன் சேர்?
(முதலாம் ஆண்டு மாணவி, களுவாஞ்சிக்குடி)

மகள், அம்பு காட்டுவது இலத்திரன் சோடி போகும் வழியை. H⁺ இடம் கொடுப்பதற்கு ஒரு இலத்திரன்கூட இல்லை. வால் ஒட்சிசனின் தனிச்சோடியில் தொடங்க வேண்டும், தலை H⁺ இல் முடிய வேண்டும். வால் நிற்கக்கூடிய இடங்கள் இரண்டுதான்: ஒன்று தனிச்சோடி, மற்றது பிணைப்பு. எதிர் ஏற்றக் குறியில் தொடங்கினாலும், அங்குள்ள தனிச்சோடியைத்தான் குறிக்கிறீர்கள்.

எதைல் எதனோயேற்றை NaOH நீர்ப்பகுக்கும் பொறிமுறையை மனப்பாடம் செய்தும் மறந்துபோகிறது. படிபடியாகச் சொல்லுங்கள்.
(இரண்டாம் ஆண்டு மாணவன், கல்முனை)

மறப்பது நியாயம். படத்தைப் பாடமாக்கினால் அது நிற்காது. CH₃COOC₂H₅ ஐ எழுதி, காபனைல் ஒட்சிசனின் இரண்டு தனிச்சோடிகளையும் OH⁻ இன் மூன்றையும் புள்ளிகளாகப் போடுங்கள். புள்ளி போடாமல் அம்பு கீறவே கூடாது.

முதல் படியில் அம்பு இரண்டு. ஒன்று OH⁻ இன் தனிச்சோடியிலிருந்து காபனைல் காபனுக்குப் போகிறது. அதோடு நிறுத்தினால் அந்தக் காபனுக்கு ஐந்து பிணைப்பு வந்துவிடும். அதனால் இரட்டைப் பிணைப்பின் நடுவிலிருந்து அதன் ஒட்சிசனுக்கு இரண்டாவது அம்பு. இப்போது கிடைப்பது நான்முகி இடைநிலை.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். தனிச்சோடி முழுதாகச் சொந்தமாக இருந்தது. பங்குக்குப் போனதும் கணக்கில் பாதிதான் சேரும். ஆகவே தாக்கிய ஒட்சிசனின் ஏற்றம் −1 இலிருந்து 0 ஆகிறது. காபனைல் ஒட்சிசனோ பங்குச் சோடியை முழுதாக எடுத்துக்கொண்டு −1 ஆகிறது. மொத்தம் முன்பும் −1, இப்போதும் −1. மொத்தம் மாறினால் எங்கோ ஒரு அம்பு பிழை.

இரண்டாம் படியில் அந்த O⁻ இன் தனிச்சோடி, காபனுக்கும் ஒட்சிசனுக்கும் நடுவே மீண்டும் இரட்டைப் பிணைப்பாக இறங்குகிறது. அதே வேளை C–OC₂H₅ பிணைப்பிலிருந்து அதன் ஒட்சிசனுக்கு இன்னோர் அம்பு, C₂H₅O⁻ வெளியேறுகிறது. அதற்குப் பதில் OH⁻ வெளியேறாதா என்று கேட்கலாம். வெளியேறும்! அது வந்த வழியே திரும்பிப் போவதுதான்.

அப்படியானால் தாக்கம் எப்படி முன்னோக்கி முடிகிறது? மூன்றாம் படியால். C₂H₅O⁻ இன் தனிச்சோடி CH₃COOH இன் அமில ஐதரசனுக்கு ஓர் அம்பு, அந்த O–H பிணைப்பிலிருந்து ஒட்சிசனுக்கு மற்றோர் அம்பு. எதனோயிக் அமிலத்தின் pKa 4.76, எதனோலுடையது ஏறத்தாழ 16. வித்தியாசம் பதினொன்று என்றால் சமநிலை மாறிலி கிட்டத்தட்ட 10¹¹. திரும்பி வர வழியில்லை.

இரண்டாம் படியில் C₂H₅O⁻ க்கு H⁺ கொடுத்து எதனோலாக அனுப்பிவைப்பவர்களும் இருக்கிறார்கள். NaOH ஊற்றிய குடுவைக்குள் H⁺ எங்கிருந்து வந்தது? நீங்கள் பின்னர் அமிலம் சேர்க்கும்போதுதான் அது வரும், அப்போதுதான் CH₃COO⁻ உம் CH₃COOH ஆகும்.

வகுப்பில் இதை எப்படிக் கற்பிப்பது?
(ஆசிரியர், மருதமுனை)

நான் விளைபொருளை மறைத்துவிடுவேன். தாக்கிகளையும் அம்புகளையும் மட்டும் பலகையில் போட்டு, "இந்த அம்புகள் சொல்வதை மட்டும் செய்யுங்கள், என்ன வருகிறது?" என்று கேட்பேன். அம்பை வாசிக்கத் தெரியாத பிள்ளை, விடை தெரிந்த படத்தில் அம்பை அலங்காரத்துக்கு ஒட்டிவிடும். வாசிக்கப் பழகிய பிறகு மறுபக்கம்: இரு பக்கக் கட்டமைப்புகளையும் கொடுத்து அம்பு கேட்கலாம்.

ஒற்றைக் கொக்கி அம்பு எதற்கு?
(மாணவி, வாழைச்சேனை)

ஒரே ஒரு இலத்திரன் நகரும்போது. ஒளியில் Cl₂ பிளவதைக் காட்ட, பிணைப்பிலிருந்து ஒவ்வொரு குளோரினுக்கும் ஒரு கொக்கி.

இதெல்லாம் தாளில் கீறுவதுதானே, OH⁻ காபனைல் காபனைத்தான் தாக்குகிறது என்று எப்படித் தெரியும்?
(மாணவன், அக்கரைப்பற்று)

நல்ல கேள்வி தம்பி. OH⁻ எதைல் கூட்டத்தின் CH₂ ஐத் தாக்குவதாக அம்பு போட்டாலும் அதே அமில அயனும் எதனோலும்தான் வரும். ஆனால் எதனோலின் ஒட்சிசன் யாருடையது என்பது மாறும். 1934 இல் போலான்யியும் சாபோவும் ¹⁸O கொண்ட நீரில் ஒரு பென்ரைல் எசுத்தரைக் காரத்தால் நீர்ப்பகுத்தார்கள். ¹⁸O அற்ககோலில் இல்லை, அமில அயனில் இருந்தது. CH₂ க்குப் போட்ட அம்பு அத்தோடு விழுந்தது. எல்லா எசுத்தருக்கும் இதே அம்பு பொருந்தும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்: மூவிணைய பியூற்றைல் எசுத்தரை அமிலத்தில் வைத்தால் உடைவது மற்றப் பக்கத்து O–C பிணைப்பு, ஏனெனில் அங்கே நிலையான காபோகற்றயன் உருவாக முடியும்.