ராகு ஆறிலா, ஏழிலா?

"சிம்ம லக்னம், கன்னி ராசி. இந்த ராகு பெயர்ச்சியில் ராகு ஆறில், நல்லது என்கிறார் ஒருவர். ஏழில், திருமணம் தடைப்படும் என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது? என் ஜாதகத்தில் ஏழில் சுக்கிரன் 14 பாகையில் இருக்கிறார்."

வணக்கம் சகோதரி. இருவரும் சொல்வது ஒரே கும்ப ராகுவைத்தான்: கன்னி ராசியிலிருந்து எண்ணினால் ஆறு, சிம்ம லக்னத்திலிருந்து எண்ணினால் ஏழு. கோசாரப் பலனை ராசியிலிருந்து எண்ணுவதே நம் வழக்கம்; அப்படி ஆறாமிடத்து ராகு எதிர்ப்பையும் கடனையும் அடக்குவார், பன்னிரண்டில் கேது செலவையும் தூக்கக் குறைவையும் தருவார். எந்தத் துறையில் இது நடக்கும் என்பதை லக்னம் காட்டும். உங்களுக்கு அது திருமணப் பேச்சு.

ராகு கும்பத்தில் இருக்கும் பதினெட்டு மாதமும் பலன் ஒரே அளவில் இருக்காது. ராகு பின்னோக்கி நகர்பவர். திருக்கணிதப்படி 2025 மே 18-இல் கும்பத்தின் கடைசிப் பாகையில் நுழைந்து, மாதம் ஒன்றரைப் பாகைக்குச் சற்றுக் கூடுதலாக நகர்கிறார். உங்கள் சுக்கிரனைத் தொட 16 பாகை, அதாவது ஏறத்தாழ பத்து மாதம்: 2026 மார்ச் நடுப்பகுதி. அதை ஒட்டிய ஓரிரு மாதங்களில் வரும் வரனைப் பற்றி நன்றாக விசாரியுங்கள்; ராகு பளபளப்பைக் கூட்டிக் காட்டுவார். வாக்கியப் பஞ்சாங்கத்தில் பெயர்ச்சி ஏப்ரல் 26 என்பதால் தேதி சற்று மாறும்.

நடப்புத் தசாபுத்தி என்ன? அது ஏழாமிடத்தோடு தொடர்பில்லாவிட்டால், கோசாரம் மட்டும் திருமணத்தைத் தராது, தடுக்கவும் செய்யாது.