கையெழுத்து மாறியதால் செக் திரும்பினால் வங்கிக்கு என்ன எழுதுவது?

கேள்வி: 1998-இல் வேலைக்குச் சேர்ந்தபோது தொடங்கிய கணக்கு. வீட்டு வேலை செய்யும் மேஸ்திரிக்கு 60,000 ரூபாய்க்கு செக் கொடுத்தேன். கணக்கில் பணம் இருந்தும், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பிவிட்டது. வழக்கு வருமா? வங்கிக்கு என்ன எழுத வேண்டும்? அஃபிடவிட் வேண்டும், 1,500 ரூபாய் ஆகும் என்கிறார் வங்கி வாசலில் இருப்பவர். – ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: முதலில் அந்தப் பணத்தை இன்றே மேஸ்திரியின் கணக்குக்கு நெஃப்ட்டில் அனுப்பிவிட்டு, செக்கையும் ரிட்டர்ன் மெமோவையும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பணம் இல்லாமல் திரும்பினால்தான் வழக்கு என்று பலர் நினைக்கிறார்கள். கையெழுத்து வேறுபாட்டால் திரும்பும் செக்குக்கும், செக் திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு பொருந்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே சொல்லிவிட்டது. ஆனால் மெமோ கிடைத்த 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது உங்களுக்குக் கிடைத்து 15 நாளுக்குள் நீங்கள் பணம் தராமல் இருந்தால்தான் வழக்கு. பணம் போய்ச் சேர்ந்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

இனி கையெழுத்து. செக்கின் படம் வங்கிக்கு வந்ததும், அங்குள்ளவர் அதைத் திரையில் இருக்கும் உங்கள் பழைய மாதிரியோடு ஒப்பிடுகிறார். அந்த மாதிரி, நீங்கள் 1998-இல் போட்ட கையெழுத்தின் ஸ்கேன். இத்தனை வருடத்தில் கையெழுத்து மாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கேஒய்சி கேட்டு எத்தனையோ முறை கூப்பிடும் வங்கிகள், அப்போதே புதிய மாதிரியும் வாங்கிக்கொண்டால் என்ன? அதைச் செய்யாமல் செக்கைத் திருப்பி, அதற்குக் கட்டணமும் பிடிக்கிறார்கள்.

கணக்கு இருக்கும் கிளைக்கே நேரில் போங்கள். பாஸ்புக், பான் கார்டு, ஆதார் ஆகியவற்றின் அசலும் நகலும் கையில் இருக்கட்டும். கையெழுத்து மாற்றத்துக்கு வங்கியின் படிவம் இருந்தால் அதை வாங்குங்கள். கடிதத்துக்கு இவ்வளவு போதும்:

"எனது சேமிப்புக் கணக்கு எண் … . இந்தத் தேதியிட்ட, இந்த எண்ணுள்ள, ரூ.60,000-க்கான செக் கையெழுத்து வேறுபாட்டால் திரும்பியது. அதில் உள்ள கையெழுத்து என்னுடையதே. கணக்கு தொடங்கியபோது பதிவான கையெழுத்து காலப்போக்கில் மாறிவிட்டது. கீழே பழைய கையெழுத்தையும் புதிய கையெழுத்தையும் இட்டுள்ளேன். என் பெயரில் உள்ள எல்லாக் கணக்குகளிலும் புதிய மாதிரியைப் பதிவு செய்யக் கோருகிறேன்."

"அதில் உள்ள கையெழுத்து என்னுடையதே" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், செக்கை வேறு யாரோ போட்டார்கள் என்று நீங்கள் புகார் செய்வதாகக்கூட எடுத்துக்கொள்ள இடமுண்டு. புதிய கையெழுத்தை அதிகாரியின் முன்னால்தான் போட வேண்டும். கடித நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். சில நாள் கழித்துப் போய், திரையில் மாதிரி மாறியிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அடுத்த செக் எழுதுங்கள். சில வங்கிகளில் ஒவ்வொரு கணக்குக்கும் மாதிரி தனித்தனியாக இருக்கும். ஒன்று மாறி, இன்னொன்று பழையபடியே கிடக்கும்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பழைய கையெழுத்தில் ஏற்கெனவே யாருக்காவது செக் கொடுத்திருந்தால், மாதிரி மாறியதும் அவை திரும்பும். அவை பாஸ் ஆகும்வரை பொறுங்கள், அல்லது செக்கை வாங்கிக்கொண்டு வேறு வழியில் பணம் கொடுங்கள்.

வாசலில் நிற்பவரை விட்டு விலகுங்கள். நேரில் போய், அசல் ஆவணம் காட்டி, அதிகாரி முன் கையெழுத்துப் போடுபவருக்குப் பெரும்பாலும் அஃபிடவிட் தேவைப்படாது. உங்கள் கிளை கேட்டால், என்ன வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்தால் ஸ்டாம்ப் பேப்பர் வாங்கி நோட்டரியிடம் நீங்களே போகலாம். இந்த ஆட்களிடம் நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான் பெரிய ஆபத்து. பாஸ்புக் நகல், ஆதார் நகல், வெற்றுத் தாளில் உங்கள் புதிய கையெழுத்து, மூன்றும் ஒருவர் கையில் சேர்ந்தால் உங்கள் பெயரில் எதற்கும் விண்ணப்பம் போடலாம். கையெழுத்தை அப்டேட் செய்கிறோம், ஓடிபி சொல்லுங்கள் என்று போன் வந்தால் துண்டித்துவிடுங்கள்.

உங்கள் வீட்டில் கை நடுங்கும் பெரியவர் இருந்தால் இந்த வழி உதவாது. இன்று கொடுக்கும் மாதிரியும் அடுத்த மாதம் ஒத்துப்போகாது. கையெழுத்துப் போட முடியாத முதியவர்களும் நோயாளிகளும் கைரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இடம் தருகிறது. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அவரை அடையாளம் காட்ட வேண்டும். அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். கைவிரலே முடியாவிட்டால் கால்விரல் ரேகையும் செல்லும். "எங்கள் கிளையில் அப்படிக் கிடையாது" என்பார்கள். நம்பாதீர்கள், மேனேஜருக்கு எழுத்தில் கொடுங்கள். படுக்கையில் இருப்பவரைத் தூக்கி வந்து கவுன்ட்டர் முன் உட்கார வைக்கும் கொடுமை இன்னும் நடப்பது, இந்த விதியைக் கவுன்ட்டரில் யாரும் சொல்லாததால்தான்.

கடிதம் கொடுத்தும் மாதிரி மாறவில்லை என்றால் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளாகியும் பதில் இல்லையென்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, முத்திரை வாங்கிய அந்த நகலை அதோடு இணைத்துவிடுங்கள்.