ஒத்திக்கு ஒரு கெடு வேண்டாமா?

கேள்வி: சேலத்தில் வெப் டிசைன் செய்கிறேன். ஏற்காட்டு காபி எஸ்டேட்காரர் ஒருவர் திங்கள் காலை 10 மணிக்கு என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. ஞாயிறு ராத்திரியே எனக்குக் காய்ச்சல். காலை 8.40-க்கு, "தவிர்க்க முடியாத காரணத்தால் இன்றைய சந்திப்பு ஒத்திவைக்கப்படுகிறது. தங்களுக்கு எப்போது வசதி?" என்று வாட்ஸ்அப் அனுப்பினேன். அவர் கோரிமேடு வரை வந்துவிட்டு போனில் கத்தினார். காய்ச்சல் வந்தது என் குற்றமா?
- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: காய்ச்சலை விடுங்கள், அது யாருக்கும் வரும். எனக்குப் பிடித்துக்கொண்டது 'ஒத்திவைக்கப்படுகிறது'. இந்த 'படுகிறது' மேல் எனக்கு முப்பது வருஷப் பகை. யார் ஒத்திவைக்கிறார்? காய்ச்சலா, கலெக்டரா? "என்னால் சந்திக்க முடியவில்லை" என்று எழுதக் கூச்சப்படுகிறவர்கள் ஒளிந்துகொள்ளும் திண்ணை அது. எங்கள் பழைய பிழைதிருத்துநர் அதை இலக்கணம் என்பார். நான் கோழைத்தனம் என்பேன். அவர் ரிட்டயர் ஆகிவிட்டார், சண்டை ஓயவில்லை.

அப்புறம் அந்த 'ஒத்தி'. எங்கள் மதுரைப் பக்கம் ஒத்திக்கு வீடு எடுப்பார்கள், இங்கே போக்கியம் என்றால்தான் புரிகிறது. மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்போம், கெடு முடிந்ததும் பணம் திரும்பி வரும். கெடு எழுதாத ஒத்திப் பத்திரத்தை நம்பி எவராவது பணம் கொடுப்பாரா? நீங்கள் அந்த மனிதரின் ஒரு காலைப்பொழுதை வாங்கிக்கொண்டு, திருப்பித் தரும் தேதியை அவரையே எழுதச் சொல்லியிருக்கிறீர்கள்.

"எப்போது வசதி?" என்பது மரியாதை மாதிரி தெரியும், உண்மையில் வேலையை அவர் தலையில் கட்டுவது. அவர் டைரியைப் புரட்டி ஒரு நாள் சொல்ல, அன்றைக்கு உங்களுக்கு வேறு வேலை இருக்க, இப்படியே நாலு மெசேஜ் ஓடும்.

8.40 அதைவிட மோசம். அவர் எட்டரைக்கே கிளம்பியிருப்பார். இருபது கொண்டை ஊசி வளைவு, நடுவில் சிக்னல் வரும், போகும். உங்கள் மெசேஜ் ஒற்றை டிக்கோடு நின்றிருக்கும். ஒற்றை டிக் என்றால் அது அவர் போனுக்கே போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அதைப் பார்த்தபிறகும் போன் செய்யாமல் போர்வையை இழுத்துக்கொண்டீர்கள் பாருங்கள், குற்றம் அங்கேதான். ராத்திரியே ஒரு மெசேஜ், "காய்ச்சல் அடிக்கிறது, காலை ஏழு மணிக்கு உறுதியாகச் சொல்கிறேன்" என்று. ஏழு மணிக்குப் போன். எடுக்கவில்லை என்றால் எஸ்டேட் ஆபீஸுக்கு. பேச முடியாத நிலை என்றால் வீட்டில் யாரையாவது பேசச் சொல்லுங்கள். அதற்கப்புறம்தான் எழுத்து, அதுவும் இப்படி:

"சார், எனக்குக் காய்ச்சல், இன்று 10 மணிக்கு என்னால் சந்திக்க முடியாது. கிளம்ப வேண்டாம், மன்னிக்கவும். டிசம்பர் 11 வியாழன் காலை 11 மணிக்கு நானே ஏற்காடு வருகிறேன். இல்லையென்றால் 12 வெள்ளி காலை 10 மணிக்கு அரை மணி நேரம் வீடியோ காலில் பேசலாம். நாளை மாலை 5 வரை இரண்டு நேரத்தையும் உங்களுக்காக வைத்திருக்கிறேன். முகப்புப் பக்கத்தின் மாதிரியை இன்றே அனுப்பிவிடுகிறேன்."

முதல் வரியிலேயே விஷயம் வந்துவிட்டது. காய்ச்சல் என்ற ஒரு சொல் போதும். எனக்கு ஒருத்தர் டிரிப்ஸ் ஊசி குத்திய கையைப் போட்டோ எடுத்து அனுப்பினார், நான் கேட்டது கட்டுரை. மறுநாளே வருகிறேன் என்று வீரம் பேசாதீர்கள். செவ்வாயும் காய்ச்சல் அடித்தால் இரண்டாம் முறை தள்ளிப்போட வேண்டி வரும், அதற்கப்புறம் உங்கள் தேதியை அவர் நம்பமாட்டார். மூன்று நாள் தள்ளிப் போட்டதற்குக் காரணம் அதுதான். ஒரு பயணம் அவருக்கு வீணாகாமல் இருந்திருந்தால்கூட, மாற்றியது நீங்கள், எனவே ஒரு முறை நீங்கள் மலையேறுவதுதான் முறை. இரண்டுமே காலை நேரம் என்பதையும் கவனியுங்கள். டிசம்பரில் மலையில் பழம் பறிப்பு நடக்கும், சாயங்காலம் பறித்த பழத்தை எடை போட்டு, தோல் உரிக்கும் பல்ப்பிங்குக்கு அனுப்பும் நேரத்தில் எந்த எஸ்டேட்காரரும் உங்கள் முகப்புப் பக்கத்தைப் பார்க்கமாட்டார். சனி, ஞாயிறு வேண்டாம், டூரிஸ்ட் கார்களுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருப்பீர்கள்.

அவர் ஒன்றைச் சொன்னதும் மற்றதை உங்கள் டைரியில் அடித்துவிட்டு, "வியாழன் 11 மணி, உங்கள் எஸ்டேட்டில்" என்று ஒரு வரி திருப்பி எழுதுங்கள். காலண்டரில் அழைப்பு அனுப்பியிருந்தால் அழிக்க வேண்டாம், அதிலேயே தேதியை மாற்றுங்கள். அழித்துவிட்டுப் புதிதாக அனுப்பினால், ரத்து என்ற தகவல் மட்டும் அவர் கண்ணில் பட வாய்ப்பு உண்டு.

இப்போதைக்கு ஒரு போன் போட்டு மன்னிப்புக் கேளுங்கள். வியாழக்கிழமை போகும்போது ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். என் போக்கியப் பணத்தில் வெள்ளையடிக்க என்று நாலாயிரம் பிடித்துக்கொண்ட சேலத்து வீட்டுக்காரரைப் பற்றி அடுத்த இதழில், யாராவது கேட்டால்.